நான்கு தத்துவங்கள், பத்து மதிப்பெண்

பி.எட். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தப்ப முடியாத கேள்வி ஒன்று உண்டு. சாராம்சவாதத்தையும் முற்போக்குவாதத்தையும் ஒப்பிடுக. நிலைபேறுவாதமும் மறுசீரமைப்புவாதமும் இவற்றிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன என விளக்குக. வாசகம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சற்று மாறும். ஆங்கில வழி வினாத்தாள் என்றால் எசென்ஷியலிசம், புரோகிரஸிவிசம், பெரினியலிசம், ரீகன்ஸ்ட்ரக்ஷனிசம் என்று வரும். கேட்பது ஒன்றுதான்.

வழிகாட்டி நூல்கள் இதற்கு ஆயத்தமான விடை வைத்திருக்கின்றன. நடுவில் கோடு கிழித்த அட்டவணை. ஒரு பக்கம் ஆசிரியர் மையம், மறுபக்கம் குழந்தை மையம். ஒரு பக்கம் பாடநூல், மறுபக்கம் செயல்பாடு. ஒரு பக்கம் கட்டுப்பாடு, மறுபக்கம் சுதந்திரம். அதை மனப்பாடம் செய்து எழுதினால் தேர்ச்சி பெறலாம். ஆனால் அந்த அட்டவணையைப் படிக்கிறவருக்கு, வலப்பக்கம் முழுவதும் நல்லவர்கள், இடப்பக்கம் முழுவதும் பிரம்பைப் பிடித்தவர்கள் என்றே தோன்றும். அப்படியானால் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாக இந்த வாதம் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு அட்டவணையில் பதில் இல்லை.

இந்தத் தத்துவங்கள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. பெரும்பாலும் ஒரே நாட்டில், ஒரு பத்தாண்டுக்குள், ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள் போட்ட சண்டையில் உருவானவை. அந்தச் சண்டையைத் தெரிந்துகொண்டால் கட்டுரை தானாகவே ஒழுங்குக்கு வரும்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீச்சர்ஸ் காலேஜ்தான் அந்தக் களம். முற்போக்குக் கல்வியைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோன வில்லியம் கில்பாட்ரிக் அங்கே பேராசிரியர். சாராம்சவாதத்தின் முகமான வில்லியம் பேக்லி 1917இல் அங்கே வந்து சேர்ந்தார். மறுசீரமைப்புவாதத்தின் முதல் குரலான ஜார்ஜ் கவுன்ட்ஸும் 1920களின் இறுதியில் அதே கல்லூரிக்கு வந்தார். ஜான் டூயி 1904இல் கொலம்பியாவுக்கு வந்து தத்துவத் துறையில் இருந்தார். தேர்வுத்தாளில் எதிரெதிர் கட்டங்களில் அடைபட்டுக் கிடக்கிறவர்கள், வாழ்க்கையில் ஒரே வளாகத்தில் பாடம் எடுத்த சக ஆசிரியர்கள்.

கதை அதற்கும் முன்னால், சிகாகோவில் தொடங்குகிறது. 1896 ஜனவரியில் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். பல்கலைக்கழகம் வேதியியலுக்கு ஆய்வகம் வைத்திருப்பதுபோல் கல்விக்கும் ஓர் ஆய்வகம் வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே குழந்தைகள் சமைத்தார்கள், தச்சு வேலை செய்தார்கள், நூல் நூற்றார்கள். அதில் ஒரு பாடத்தை ‘பள்ளியும் சமூகமும்’ என்ற தன் நூலில் அவரே விவரிக்கிறார். குழந்தைகளின் கையில் கொட்டை நீக்காத பருத்தியும், ஆட்டின் மேலிருந்து வெட்டிய கம்பளி ரோமமும் கொடுக்கப்பட்டன. பருத்திக் காயிலிருந்தும் கொட்டையிலிருந்தும் பஞ்சைக் கையால் பிரிக்க அவர்கள் அரை மணி நேரம் போராடினார்கள். கிடைத்தது ஓர் அவுன்ஸுக்கும் குறைவு, அதாவது முப்பது கிராம்கூடத் தேறவில்லை. அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது, தங்கள் முன்னோர் ஏன் பருத்தியை விட்டுக் கம்பளி உடுத்தினார்கள் என்று. அங்கிருந்து பஞ்சு பிரிக்கும் இயந்திரத்தின் கண்டுபிடிப்புக்கும், இழையின் நீளத்துக்கும், நெசவின் வரலாற்றுக்கும் பாடம் நகர்ந்தது.

இந்தப் பாடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். குழந்தைகள் கையால் வேலை செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் பருத்தியையும் கம்பளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது யார்? அரை மணி நேரம் கழித்து எடை பார்க்கச் சொன்னது யார்? எந்த இடத்தில் நிறுத்தி வரலாற்றுக்குப் போக வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தது யார்? ஆசிரியர்தான். பாடப்பொருள் அவர் மனத்தில் முழுதாக இருந்தது. குழந்தைக்கு அது ஒரு கேள்வியாக வந்து சேர்ந்தது. டூயியைப் பற்றி எழுதும்போது தேர்வர்கள் தவறவிடுவது இதைத்தான். ‘செய்து கற்றல்’ என்ற இரண்டு சொல்லோடு அவரை முடித்துவிடுகிறார்கள்.

கில்பாட்ரிக் இதை ஒரு முறையாக மாற்றினார். 1918இல் அவர் எழுதிய ‘செயல்திட்ட முறை’ என்ற கட்டுரை அமெரிக்க ஆசிரியர்களிடையே காட்டுத்தீபோல் பரவியது. குழந்தை முழுமனத்தோடு, தானே ஏற்றுக்கொண்ட நோக்கத்தோடு ஈடுபடும் செயல்தான் கல்வியின் அலகு என்றார். மறு ஆண்டு முற்போக்குக் கல்விக் கழகம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு பி.எட். பாடத்திட்டத்தில் ‘புராஜெக்ட் முறை’ என்று படிக்கிறோமே, அதன் ஊற்று இதுதான். ஆனால் டூயியிடம் ஆசிரியருக்கு இருந்த கனம் கில்பாட்ரிக்கிடம் குறைந்தது. அவரைப் பின்பற்றிய சில பள்ளிகளில் இன்னும் குறைந்தது. குழந்தைக்கு எது பிடிக்கிறதோ அதுவே பாடம் என்ற நிலை வந்தது.

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. வேலையில்லாத் திண்டாட்டம், வங்கிகள் மூடல், சாப்பாட்டுக்கு வரிசை. அந்தச் சூழலில், 1932 பிப்ரவரியில் பால்டிமோரில் கூடிய முற்போக்குக் கல்விக் கழகத்தின் மாநாட்டில் ஜார்ஜ் கவுன்ட்ஸ் எழுந்து பேசினார். முற்போக்குக் கல்விக்குத் துணிவிருந்தால் முற்போக்காக இருக்கட்டும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். குழந்தையின் விருப்பம் என்கிறீர்களே, யார் குழந்தையின் விருப்பம் என்று கேட்டார். இந்தப் பள்ளிகளில் படிப்பவர்கள் வசதியான நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள். அந்தப் பெற்றோர் தங்கள் வசதியைக் கேள்வி கேட்காத ஒரு கல்வியை விரும்புகிறார்கள். இந்த இயக்கத்துக்குச் சமூகக் கொள்கை என்று ஒன்று இல்லை என்றார். பள்ளி ஒரு புதிய சமூக ஒழுங்கைக் கட்ட முன்வர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மறுசீரமைப்புவாதத்தின் விதை இந்தப் பேச்சுதான். பின்னால் தியடோர் பிரமெல்ட் அதை முழுத் தத்துவமாக வளர்த்தார்.

அடுத்த அடி மறுபக்கத்திலிருந்து விழுந்தது. 1938இல் அட்லாண்டிக் சிட்டியில் சில கல்வியாளர்கள் கூடி சாராம்சவாதக் குழு ஒன்றை அமைத்தார்கள். அந்த இயக்கத்துக்குப் பெயர் கொடுத்தவர் மைக்கேல் டெமியாஷ்கெவிச். அறிக்கையை எழுதியவர் பேக்லி. அமெரிக்கப் பள்ளிகள் தேர்ச்சிக்கான அளவுகோலைத் தளர்த்திவிட்டன, படிப்படியாகவும் முறையாகவும் கற்பிப்பதைக் கைவிட்டுவிட்டன, அடிப்படைகளே தெரியாமல் பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போகிறார்கள் என்று அவர் குற்றம் சாட்டினார். இந்தக் குற்றச்சாட்டு நமக்குப் புதிதல்ல. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் நிர்வாகத்தில் உள்ள பள்ளிகளில் 5, 8 ஆம் வகுப்புகளுக்குக் கட்டாயத் தேர்ச்சியை நீக்கியபோதும், தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று அறிவித்தபோதும், தொலைக்காட்சி விவாதங்களில் இரு தரப்பும் பேசியது பேக்லியின் வாதமும் அதற்கு மறுப்பும்தான்.

பேக்லியை வெறும் பழமைவாதி என்று எழுதுகிறவர்கள் அவருடைய அறிக்கையைப் படிக்காதவர்கள். படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு உடல்நலக் கல்வி, இயற்கை அறிவியல், கலை, கைத்தொழில் எதையும் ஒதுக்கக் கூடாது என்று அதில் சொல்கிறார். பொதுப் பாடத்திட்டம் ஏன் வேண்டும் என்பதற்கு அவர் தரும் காரணங்களில் ஒன்று மிக நடைமுறையானது: அமெரிக்கக் குடும்பங்கள் வேலை தேடி ஊர் விட்டு ஊர் போகின்றன, ஒவ்வொரு பள்ளியும் தன் விருப்பப்படி நடத்தினால் நடுவில் வந்து சேரும் பிள்ளை எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு போகும் பிள்ளைகளைப் பார்த்த எந்தத் தமிழ்நாட்டு ஆசிரியருக்கும் இந்த வாதத்தின் எடை தெரியும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 1920களில் அமெரிக்காவில் அறிவுத்திறன் சோதனைகள் பெரும் மோகமாக இருந்தன. சோதனையில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு எளிய படிப்பு போதும், உயர்ந்த படிப்பு வீண் என்று பல நிபுணர்கள் பேசினார்கள். அதை எதிர்த்து 1925இல் ஒரு புத்தகமே எழுதியவர் பேக்லி. மிச்சிகனில் ஓரறைக் கிராமப் பள்ளியில் ஆசிரியராகத் தொடங்கியவர் அவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அடித்தளத்தைக் கொடுப்பது ஜனநாயகத்தின் கடமை என்பது அவர் நம்பிக்கை. வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிதான் ஒரே வாய்ப்பு. அங்கேயும் முறையாகச் சொல்லித்தராவிட்டால் அது எங்கே போகும் என்ற கவலை அவர் எழுத்தின் அடியில் ஓடுகிறது. 1987இல் ‘பண்பாட்டு எழுத்தறிவு’ என்ற நூலில் ஈ.டி. ஹெர்ஷ் மீண்டும் எடுத்தது இதே இழையைத்தான்.

அதே 1938இல் டூயியும் ஒரு சிறு புத்தகம் எழுதினார். பெயர் ‘அனுபவமும் கல்வியும்’. அப்போது அவருக்கு 78 வயது. அதில் அவர் பழைய பள்ளியை மட்டும் விமர்சிக்கவில்லை, தன் பெயரைச் சொல்லி நடத்தப்பட்ட பள்ளிகளையும் விமர்சித்தார். எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது என்றார். அடுத்த அனுபவத்துக்கு வழி திறக்கும் அனுபவம் உண்டு, வழியை அடைக்கும் அனுபவமும் உண்டு. எது எது என்று பார்த்துத் திட்டமிடுவது ஆசிரியரின் வேலை. பழையதை மறுப்பதையே கொள்கையாக வைத்துக்கொண்ட முற்போக்குக்கு அடித்தளம் கிடையாது என்பது அவர் தீர்ப்பு. ஒப்பீட்டுக் கட்டுரையில் இந்த ஓர் ஆண்டையும், அதில் வந்த இந்த இரண்டு எழுத்துகளையும் குறிப்பிட்டாலே போதும், விடை மற்ற விடைகளிலிருந்து தனியாகத் தெரியும்.

நிலைபேறுவாதத்தைச் சாராம்சவாதத்தோடு குழப்பிக்கொள்வது அடுத்த பெரிய பிழை. இரண்டுமே பாடப்பொருளை முன்வைப்பதால் குழப்பம் வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ராபர்ட் ஹட்சின்ஸும் அவர் நண்பர் மார்டிமர் அட்லரும் நிலைபேறுவாதத்தின் முன்னணியினர். மனித இயல்பு மாறாதது, உண்மை மாறாதது, ஆகவே கல்வியின் மையமும் மாறக் கூடாது என்பது இவர்கள் நிலை. பெரும் நூல்களைப் படித்து விவாதிப்பதே கல்வி. 1937இல் அன்னாபொலிஸில் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரி தன் பாடத்திட்டத்தையே இப்படிப் பெரும் நூல்களின் மேல் கட்டியது. இன்றும் அப்படித்தான் நடத்துகிறது. பேக்லிக்கு இது உடன்பாடல்ல. இன்றைய சமூகத்தில் வாழ எது தேவையோ அதுவே அவருக்குச் சாராம்சம். சமூகம் மாறினால் பட்டியலும் மாறும். கணினிக் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்பவர் சாராம்சவாதியாக இருக்கலாம். நிலைபேறுவாதியாக இருப்பது கடினம். இருவரையும் பிரித்தறிய இந்த ஒரு சோதனை போதும்.

முற்போக்குப் பள்ளிப் பிள்ளைகள் பின்னால் எப்படித் தேறினார்கள் என்று யாராவது பார்த்தார்களா? பார்த்தார்கள். 1933 முதல் 1941 வரை நடந்த ‘எட்டாண்டு ஆய்வு’ சுமார் முப்பது உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டத்தில் முழுச் சுதந்திரம் கொடுத்தது. அந்தப் பள்ளிகளின் மாணவர்களை வழக்கமான நுழைவு விதிகள் இல்லாமலே சேர்த்துக்கொள்ள நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஒப்புக்கொண்டன. பிறகு 1,475 ஜோடிகள் ஒப்பிடப்பட்டன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் சோதனைப் பள்ளியிலிருந்து, மற்றவர் சாதாரணப் பள்ளியிலிருந்து. வயது, பாலினம், திறன், குடும்பப் பின்னணி பெரும்பாலும் ஒத்தவர்கள். சோதனைப் பள்ளி மாணவர்கள் கல்லூரியில் பின்தங்கவில்லை; மதிப்பெண்ணில் சற்று முன்னே இருந்தார்கள். முற்போக்குவாதத்துக்கு இது வலுவான சான்று. ஆனால் அதன் எல்லையையும் எழுத வேண்டும். இவர்கள் எல்லாரும் கல்லூரிக்குப் போன பிள்ளைகள். வீட்டில் ஆதரவே இல்லாத, தொடக்கப் பள்ளியிலேயே தடுமாறும் பிள்ளைக்கு எந்த முறை உதவும் என்ற பேக்லியின் கேள்விக்கு இந்த ஆய்வு பதில் சொல்லவில்லை.

இப்போது தேர்வு மண்டபத்துக்கு வருவோம். நான்கு தத்துவங்களையும் தனித்தனியாக விளக்கிக் கடைசியில் ஒப்பிட நேரம் இருக்காது. ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு நால்வர் கையிலும் கொடுத்துப் பார்ப்பது நல்ல வழி. ஐந்தாம் வகுப்பு, பாடம் ‘நீர்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

சாராம்சவாத ஆசிரியர் நீரின் மூன்று நிலைகள், ஆவியாதல், குளிர்ந்து சுருங்குதல், மழை என்ற வரிசையில் நடத்துவார். படம் வரைந்து பெயர் குறிக்கச் சொல்வார். அடுத்த நாள் கேள்வி கேட்டு, தெரியாதவர்களுக்குத் திரும்பச் சொல்லித்தருவார். வகுப்பில் நாற்பது பேரும் நீர்ச் சுழற்சியை விளக்கத் தெரிந்த பிறகே அடுத்த பாடம்.

முற்போக்குவாத ஆசிரியர் பள்ளி வளாகத்தில் ஒழுகும் குழாயிலிருந்து தொடங்குவார். அடியில் கால் லிட்டர் டம்ளரை வைத்துக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வார். ஐந்து நிமிடத்தில் டம்ளர் நிரம்புகிறது. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு? மூன்று லிட்டர். ஒரு நாளில்? 72 லிட்டர். ஒரு குடம் சுமார் பதினைந்து லிட்டர் என்றால் கிட்டத்தட்ட ஐந்து குடம். பிள்ளைகள் அதிர்ந்துபோவார்கள். அளவை, பெருக்கல், வகுத்தல், நீர்ச் சேமிப்பு எல்லாம் ஒரே செயலில் வந்துவிடும்.

இங்கேதான் பேக்லி குறுக்கிட்டுக் கேட்பார். பன்னிரண்டால் பெருக்கியது யார்? குழுவில் கணக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளை சொல்ல, மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்களா? பெருக்கல் தெரியாமல் வந்த பிள்ளை பெருக்கல் தெரியாமலேயே, மகிழ்ச்சியாக வீடு திரும்பியதா? செயல்வழி வகுப்புகளில் உண்மையில் நடக்கும் கோளாறு இது. கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு: மறுநாள் வேறு எண்களைக் கொடுத்து ஒவ்வொருவரையும் தனியாகச் செய்யச் சொன்னால் தெரிந்துவிடும். டூயியிடம் இதைச் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். அந்தச் சோதனையைச் செய்யாத அனுபவம் அரைகுறை என்றே சொல்வார்.

மறுசீரமைப்புவாத ஆசிரியரின் கேள்வி வேறு. ஊரில் எந்தத் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது, எந்தத் தெரு லாரிக்குக் காத்திருக்கிறது? பிள்ளைகள் தெருத்தெருவாகப் போய்க் கணக்கெடுப்பார்கள். வரைபடத்தில் நிறம் தீட்டுவார்கள். வித்தியாசம் ஏன் என்று பேசுவார்கள். ஊராட்சித் தலைவருக்கு மனு எழுதுவார்கள். இதில் ஆபத்தும் இருக்கிறது. முடிவை ஆசிரியரே முன்னால் தீர்மானித்துக்கொண்டு பிள்ளைகளை அதற்குள் தள்ளினால் அது கல்வி ஆகாது, பிரசாரம் ஆகிவிடும். கவுன்ட்ஸ் மீதும் அந்தக் குற்றச்சாட்டு அன்றே வந்தது. பள்ளி எந்தக் கருத்தையும் புகட்டாமல் இருக்க முடியாது, எதைப் புகட்டுகிறோம் என்பதை மறைக்காமல் இருப்போம் என்பது அவர் நிலைப்பாடு. அதை ஏற்பதா மறுப்பதா என்று தேர்வர் தன் கருத்தை ஓரிரு வரியில் எழுதலாம்.

நிலைபேறுவாத ஆசிரியர் திருக்குறளின் இரண்டாம் அதிகாரமான வான் சிறப்பை எடுப்பார். கடவுள் வாழ்த்துக்கு அடுத்ததாக மழையை ஏன் வைத்தார் வள்ளுவர் என்று கேட்டு விவாதம் நடத்துவார். நூற்றாண்டுகள் தாண்டியும் அந்த அதிகாரம் ஏன் நிற்கிறது என்பதே அவருக்குப் பாடம்.

ஒரு பாடம், நான்கு வகுப்பறைகள். இப்படி எழுதினால் வேறுபாடு விடையிலேயே கண்ணுக்குத் தெரியும், வரையறைகளைத் தனியே சுமக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுத் தேர்வருக்கு இன்னொரு வசதி இருக்கிறது. இந்தத் தத்துவங்களை அவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல் முற்போக்குவாதத்தின் பிள்ளைதான். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி தன் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையிலிருந்து அது கற்றுக்கொண்டது. மேசை பெஞ்சுகள் போய்ப் பாய் வந்தது. பிள்ளையின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. சுவரில் ஏணிப்படி தொங்கியது. பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, அதற்குரிய சின்னம் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, எந்தக் குழுவில் உட்கார வேண்டுமோ அங்கே போய் உட்காரும். சில படிகளில் ஆசிரியர் முழுதாக உதவுவார், சிலவற்றில் சக மாணவர் உதவுவர், சிலவற்றைப் பிள்ளை தனியாகவே செய்யும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பிள்ளை தன் வேகத்தில் நகர்கிறது, ஆகவே முறை முற்போக்கானது. ஆனால் படிகளின் வரிசையைப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து, கூட்டலுக்குப் பின் எது என்பதெல்லாம் முன்கூட்டியே வகுத்தது. கில்பாட்ரிக் இதைச் செயல்திட்டம் என்று ஏற்றிருக்க மாட்டார். பேக்லி அந்த ஏணியை ரசித்திருப்பார்.

2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இன்னும் தெளிவான உதாரணம். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியை அடைக்க, எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே அடித்தளம், குறித்த வயதுக்குள் என்ற அந்த இலக்கு அச்சு அசலான சாராம்சவாதம். அடையும் வழியோ பாடல், கதை, பொம்மலாட்டம், விளையாட்டு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். அது முற்போக்குவாதம். அட்டவணையின் நடுக்கோட்டை இந்தத் திட்டம் அழித்துவிடுகிறது. சாராம்சவாதம் முதலில் கேட்பது எதைக் கற்பிப்பது என்று. முற்போக்குவாதம் முதலில் கேட்பது எப்படிக் கற்கிறார்கள் என்று. கேள்விகள் வேறாக இருப்பதால் இரண்டும் ஒரே வகுப்பறையில் சேர்ந்து வேலை செய்ய முடிகிறது. மோதல் வருவது நேரம் குறையும்போதுதான். நாற்பது நிமிட வகுப்பில் பாட்டா, எழுத்துப் பயிற்சியா என்று ஆசிரியர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வருகிறது.

விடைத்தாளில் இது எப்படி இருக்கும்? ஒரு பத்தியை எழுதிப் பார்க்கலாம். ‘சாராம்சவாதமும் முற்போக்குவாதமும் பின்தங்கிய பிள்ளையைப் பற்றிய கவலையில் ஒன்றுபடுகின்றன, மருந்தில் வேறுபடுகின்றன. பேக்லி முறையான, எல்லாருக்கும் பொதுவான அடிப்படைக் கல்வியைச் சமத்துவத்தின் நிபந்தனையாகக் கண்டார். டூயி குழந்தையின் அனுபவத்திலிருந்து தொடங்காத பாடம் மனத்தில் ஒட்டாது என்றார்; எனினும் அனுபவத்தைத் திட்டமிடும் பொறுப்பை ஆசிரியரிடமே வைத்தார். தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டம் முதலாமவரின் இலக்கையும் இரண்டாமவரின் வழியையும் இணைக்கிறது.’ நாற்பது சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒற்றுமை, வேற்றுமை, இருவரின் பெயர், உள்ளூர்ச் சான்று எல்லாம் இருக்கின்றன. அட்டவணை வேண்டுமானால் இதன் பின்னால் சிறியதாகப் போடலாம்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. கருத்துமுதல்வாதம், யதார்த்தவாதம், பயன்வழிக் கொள்கை ஆகியவை பொதுத் தத்துவங்கள். மேலே சொன்ன நான்கும் அவற்றிலிருந்து கிளைத்த கல்விக் கொள்கைகள். பயன்வழிக் கொள்கையிலிருந்து முற்போக்குவாதமும் மறுசீரமைப்புவாதமும் வந்தன. கருத்துமுதல்வாதமும் யதார்த்தவாதமும் சாராம்சவாதத்துக்கு வேர்கள். நிலைபேறுவாதம் அரிஸ்டாட்டில், தாமஸ் அக்வினாஸ் வழியில் நிற்கிறது. இரண்டு அடுக்குகளையும் ஒரே வரிசையில் கலந்து எழுதினால் திருத்துபவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். இருத்தலியலைக் கேட்டிருந்தால் ஏ.எஸ். நீல் 1921இல் தொடங்கிய சம்மர்ஹில் பள்ளியின் பாணியைத் தொட்டு, வகுப்புக்கு வருவதையே பிள்ளையின் விருப்பத்துக்கு விட்ட பள்ளி அது என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்ளலாம்.

பேக்லியின் அறிக்கை பதினைந்து பக்க அளவுள்ள கட்டுரை. டூயியின் ‘அனுபவமும் கல்வியும்’ நூறு பக்கத்தை ஒட்டிய புத்தகம். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வழிகாட்டி நூலை ஓரமாக வைத்துவிட்டு இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.